டி-ஷர்ட்டைக் கழற்றாமல் போட்ட பிளேசர்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லிங்க்டுஇன், நௌக்ரி இரண்டிலும் என் படத்தில் நான் போட்டிருப்பது கரும்சாம்பல் நிற பிளேசர். அப்படி ஒரு பிளேசர் என் பீரோவில் கிடையாது. சென்னை வெயிலில் கோட்டுக்குக் காசு போட எனக்கு மனசு வந்ததில்லை, ஓஎம்ஆரில் நான் போன இன்டர்வியூ எதிலும் எதிரே உட்கார்ந்தவர்களும் கோட்டில் வந்ததில்லை. ஆனாலும் புரொஃபைல் படத்தில் மட்டும் எல்லோரும் கோட்டுக்குள் இருக்கிறார்கள். சரி, நாமும் இருப்போம் என்று ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் மூன்று விதமாக இதைச் செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்டுடியோ. "தலையை மட்டும் நேரா வைங்க சார், கோட்டு நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். அவரிடம் கோட்டு, டை, காலர் எல்லாம் தயாராக வெட்டிய கோப்புகளாக இருந்தன. என் தலையை வெட்டி அதன் மேல் உட்கார வைத்தார், பத்து நிமிட வேலை. கடைக்கு வெளியே மாட்டியிருந்த மாதிரிப் படங்களில் பாதிப் பேர் அதே நீலக் கோட்டும் சிவப்பு டையும்தான். சின்ன வட்டத்துக்குள் பார்த்தால் குறை தெரியாது. பெரிதாக்கினால் முகத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது, கோட்டில் வலது பக்கத்திலிருந்து. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு வேறு.

இரண்டாவது, மொபைலில் ஒரு ஏஐ செயலி. பெயர் வேண்டாம். கோட்டு அபாரமாக வந்தது, ஆனால் முகமும் புதிதாக வந்தது. கோட்டை மட்டும் மாற்றாமல் முழுப் படத்தையும் அது மறுபடி வரைகிறது. கன்னத்து மச்சம் போனது, நிறம் இரண்டு படி வெளுத்தது, தாடை கூர்மையானது. வீட்டில் காட்டியபோது, "என்னங்க, இது உங்க சித்தப்பா பையன் மாதிரி இருக்கே" என்றாள். அன்றோடு அது முடிந்தது. வீடியோ காலில் முகத்தைப் பார்க்கப் போகிறவருக்கு வேறு முகத்தை அனுப்பி வைப்பது வேலைக்கு ஆகாது.

மூன்றாவதுதான் இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 2023இல் வந்த Generative Fill வசதி. இதில் நாம் தேர்ந்தெடுத்த இடத்துக்குள் மட்டும்தான் புதிதாக வரையும், அதுவும் மூலப்படத்தைத் தொடாமல் அதன் மேல் விரிக்கும் தனி அடுக்கில், அதாவது லேயரில். முகத்தைத் தேர்வுக்கு வெளியே விட்டுவிட்டால் ஒரு புள்ளி கூட மாறாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மூலப்படம் மொட்டை மாடியில் மாலை வெளிச்சத்தில் எடுத்தது, உடம்பில் மஞ்சள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட். Lasso கருவியால் டி-ஷர்ட்டைச் சுற்றித் தேர்ந்தெடுத்து, என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டது இவ்வளவுதான்:

```
charcoal grey blazer, white shirt, open collar
```

டை கேட்கவில்லை, காரணம் உண்டு. டை முடிச்சு காலருக்குள் நுழையும் இடத்தை இது அடிக்கடி சொதப்பும், முடிச்சும் சட்டைத் துணியும் ஒன்றாக உருகினாற்போல் வரும்.

எல்லாமே இந்தத் தேர்வு எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. டி-ஷர்ட்டின் ஓரத்தோடு ஒட்டித் தேர்ந்தெடுத்தால், சட்டைக் காலர் நிற்க இடம் இருக்காது. ரவுண்ட் நெக் கழுத்தின் அடியில் முடிகிறது, சட்டைக் காலரோ கழுத்தின் மேல் ஏறி நிற்பது. அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் கழுத்து நீண்டு தெரியும். அதனால் கழுத்தின் கீழ்ப் பகுதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோளிலும் அப்படியே: கோட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைப்பதால் தோள் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், பின்னணியில் ஒரு விரல் அகலம் விட்டால்தான் அது வரும். இல்லையென்றால் தொங்கிய டி-ஷர்ட் தோளின் மேலேயே கோட்டுத் துணி ஒட்டிக்கொண்டு, இரவல் வாங்கிய கோட்டு மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு முறையும் மூன்று மாதிரிகள் வரும். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, அது மாறாது. மடிப்புக் காலரின் வெட்டு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா, நெஞ்சுப் பை பார்ப்பவருக்கு வலது பக்கம் வந்திருக்கிறதா, பொத்தான் இருந்தால் அந்த வலது பக்கத் துணி மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஆண்கள் கோட்டில் போட்டிருப்பவரின் இடது பக்கம்தான் மேலே வரும். சில மாதிரிகளில் இரண்டு பக்கமும் பை வந்து நிற்கும், தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்து, மஞ்சள். டி-ஷர்ட்டை எடுத்துவிட்டாலும் அது தாடைக்கு அடியில் அடித்த மஞ்சள் ஒளி முகத்திலேயே தங்கிவிட்டது. சாம்பல் கோட்டுக்கு மேல் மஞ்சள் தாடை! இது ஒட்டுவேலை என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த நிறம்தான், நம் கண்ணுக்குப் பழகிவிட்டதால் நமக்குத் தெரியாது. புது லேயர் போட்டு, அதை நிறத்தை மட்டும் மாற்றும் Color முறையில் வைத்து, கன்னத்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தடவினேன், சரியானது. காலருக்கு மேல் கழுத்தில் விழ வேண்டிய மெல்லிய நிழலையும், அடியில் இருப்பதைக் கருமையாக்கும் Multiply லேயரில் கொஞ்சம் போட்டேன். அந்த நிழல் இல்லாவிட்டால் தலை கோட்டின் மேல் மிதக்கும்.

படத்தின் அளவும் ஒரு விஷயம். இந்த வசதி வந்த புதிதில் வரைந்து கொடுத்தது 1024 புள்ளி அகலம் வரைதான். மொபைல் படமோ 3000 புள்ளிக்கு மேல். அப்படியே செய்தால் முகம் கூர்மையாகவும் கோட்டு மங்கலாகவும் வரும். எனவே முதலில் படத்தையே 1000 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிட்டேன். புரொஃபைல் வட்டத்துக்கு 400 புள்ளியே போதும் என்பதால் நஷ்டம் இல்லை. கடைசியில் கோட்டு லேயருக்கு மட்டும் கொஞ்சம் Noise சேர்த்தேன், மாலை வெளிச்ச மொபைல் படத்தின் பொடிப் புள்ளிகள் கோட்டிலும் இருக்க வேண்டுமே.

இந்தப் படத்தோடு நிறைய அழைப்புகளில் உட்கார்ந்துவிட்டேன், சாதாரண நீலச் சட்டையில்தான். யாரும் "கோட்டு எங்கே" என்று கேட்கவில்லை. படத்தில் இருப்பவன்தான் திரையில் இருக்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே படத்தை விசா விண்ணப்பத்துக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். கூடாது. அமெரிக்க விசா விதியிலேயே கணினியில் திருத்திய படம் ஏற்கப்படாது என்று இருக்கிறது. அதற்குச் சட்டையோடு ஸ்டுடியோவில் தனியாக எடுப்பதுதான் வழி.

இன்று எடுப்பதாக இருந்தால் காலர் வைத்த வெள்ளைச் சட்டை போட்டே எடுப்பேன். அப்போது கழுத்து, காலர், நிழல் எல்லாம் உண்மையானவை, காலருக்கு வெளியே இருக்கும் துணியை மட்டும் கோட்டாக மாற்றினால் போதும், பாதி வேலை மிச்சம். ஒரு எச்சரிக்கை, செல்ஃபி என்றால் உங்கள் போன் அதை இடம் வலமாகத் திருப்பிச் சேமிக்கிறதா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் சட்டைப் பொத்தான் ஒரு பக்கமும் கோட்டுப் பொத்தான் எதிர்ப் பக்கமும் போகும்.

போன மாதம் மனைவிக்கும் இதைச் செய்யப் போனபோதுதான் இந்த வசதி நிஜமாகத் திணறியது. முன்னால் போட்ட பின்னலும் தோளில் விழுந்த முடியும் தேர்வுக்குள் வந்ததும், அவற்றையும் சேர்த்து வரைந்து பழுப்பு நிற அலைமுடி கொடுத்தது. முடியைத் தேர்வுக்கு வெளியே விட்டால் இழைகளுக்கு நடுவே சுடிதாரின் சிவப்பு எட்டிப் பார்த்தது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அந்த ஓரம் சரியாக வரவில்லை. பின்னலைப் பின்னால் தள்ளி, காதோர முடியை ஒதுக்கி, ஜன்னல் பக்கம் நிற்க வைத்து மறுபடி எடுத்தேன். அதில் இரண்டாவது மாதிரியே சரியாக வந்துவிட்டது, ஜிமிக்கி உட்பட.