மதம் தேயுதா இல்லையா? தலைய எண்ணிப் பாத்த கதை

செப்டம்பர் 8, பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. காவி கட்டின கூட்டத்துக்கு நடுவுல எங்க ஆட்டோ மாட்டிக்கிச்சு, அரை மணி நேரம் நகரல. கூட வந்த ஃப்ரெண்டு, "நாடு முன்னேறினா மதம் அழிஞ்சிடும்னு எழுதினவன எல்லாம் இங்க கூட்டிட்டு வந்து நிக்க வைக்கணும்டா"ன்னான். கூட்டத்த வச்சு முடிவு பண்ண முடியாதுன்னு நான் சொல்ல, அல்சூர் வர்ற வரைக்கும் அதே சண்டைதான்.

படிப்பும் வசதியும் அறிவியலும் வளர வளர மதத்தோட பிடி தளரும்ங்கறதுதான் செக்யுலரைசேஷன் தியரி. சமூகவியல்காரர் பீட்டர் பெர்கர் 1960கள்ல இத அடிச்சு சொன்னவரு, 1999ல அவரே உலகம் இன்னும் பக்தியாதான் இருக்கு, நாங்க தப்பா சொல்லிட்டோம்னு பல்டி அடிச்சாரு. மதம் தேயலன்னு சொல்ற எதிர்க்கட்சிக்கு கையில இருந்த பெரிய சீட்டு அமெரிக்கா. அவ்ளோ பணக்கார நாடு, ஆனா சர்ச்சு நிறைஞ்சு கிடக்கு. ரோட்னி ஸ்டார்க், ரோஜர் ஃபிங்க்னு ரெண்டு சமூகவியல்காரங்க இதுக்கு கடைத்தெரு கணக்கு ஒண்ணு சொன்னாங்க. ஐரோப்பால அரசாங்க சர்ச் ஒண்ணுதான், போட்டி இல்ல, அதனால பாதிரியாருக்கு ஆள் புடிக்கற அவசரமும் இல்ல, அமெரிக்கால ஆளுக்கொரு சபை, தெருவுக்கு நாலு ஹோட்டல் இருந்தா டிஃபன் நல்லா இருக்கும்ல அந்த மாதிரின்னு. 1776ல அமெரிக்கர்கள்ல சுமார் 17 சதவீதம் பேர்தான் ஏதாவது சபைல இருந்தாங்க, 1980ல 62 ஆச்சு, அப்ப தேய்வு எங்கன்னு கேட்டாங்க. கேள்வி நல்ல கேள்விதான்.

அடி விழுந்தது வேற பக்கத்துலேர்ந்து. அமெரிக்கால பத்துக்கு நாலு பேர் வாராவாரம் சர்ச்சுக்கு போறாங்கன்னு கேலப்ங்கற கருத்துக்கணிப்பு கம்பெனியோட சர்வே வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்துச்சு. ஹேடவே, மார்லர், சேவ்ஸ்னு மூணு பேரு இத போய் சரிபாத்து 1993ல எழுதினாங்க. ஓஹையோல ஆஷ்டபூலாங்கற ஒரே ஒரு கவுன்டிய எடுத்துக்கிட்டு, லிஸ்ட்ல இல்லாத சர்ச்சையும் விடாம தேடிப்புடிச்சு, புராட்டஸ்டன்ட் சர்ச்சுகளுக்கு நிஜமா எத்தன பேர் வர்றாங்கன்னு கணக்கு எடுத்தாங்க. போன்ல கேட்டப்ப போனோம்னு சொன்னவங்க சுமார் 36 சதவீதம், எண்ணிப் பாத்தா சுமார் 20தான். கிட்டத்தட்ட பாதி. எல்லாருமே பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல, தினமும் வாக்கிங் போறீங்களான்னு டாக்டர் கேட்டா நாம சொல்ற பதில் மாதிரிதான், நாம எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்றோமே தவிர போன வாரம் என்ன செஞ்சோம்னு சொல்றதில்ல.

கடைத்தெரு கணக்குக்கும் இடி விழுந்துச்சு. சபைகள் நிறைய இருக்கற ஊர்ல பக்தியும் கூடன்னு காட்டின பல ஆய்வுகள்ல, அந்த தொடர்பு கணக்கு போட்ட விதத்துலேர்ந்தே தானா முளைச்சு வந்திருக்கலாம்னு 2002ல வோவாஸ், ஓல்சன், கிராக்கெட் காட்டினாங்க.

சரி, தேயுதுன்னா எப்படி தேயுது? அறிவியல் படிச்சுட்டு ஒருத்தன் திடீர்னு நம்பிக்கைய தூக்கிப் போடறான்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா அது சின்ன பங்குதான். பெரிய பங்கு வீட்டுக்குள்ள நடக்குது. பிரிட்டன் டேட்டாவ வச்சு வோவாஸும் கிராக்கெட்டும் 2005ல எழுதினத பாருங்க: அப்பா அம்மா ரெண்டு பேரும் மதப்பற்று உள்ளவங்கன்னா புள்ளைக்கு அது போய் சேர வாய்ப்பு ஏறக்குறைய பாதி, ஒருத்தருக்கு மட்டும்னா கால், ரெண்டு பேருக்கும் இல்லன்னா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. யாரும் மனசு மாற வேணாம், கிழவங்க போவாங்க, அந்த எடத்துக்கு ஆள் வராது, அவ்ளோதான். இங்கிலாந்து வேல்ஸ் சென்சஸ்ல கிறிஸ்தவங்க 2001ல 71.7 சதவீதம், 2021ல 46.2. அமெரிக்கா சீட்டும் கைநழுவிடுச்சு, பியூங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தோட கணக்குல அங்க கிறிஸ்தவங்க 2007ல 78 சதவீதமா இருந்தது 2023-24ல 62. கடைசி நாலஞ்சு வருஷமா அங்கயே நிக்குதுங்கறத எதிர்க்கட்சி புடிச்சுக்கும், நியாயம்தான், ஆனா வயசானவங்கள்ல 80, 18-24 வயசுல 46ன்னு இருக்கறப்ப அது ரொம்ப நாள் நிக்கும்னு எனக்கு தோணல.

என் ஓட்டு மேற்கு நாடுகள் வரைக்கும் தேய்வு கட்சிக்குதான். உலகத்துக்கே பொருந்தும்னா ஒத்துக்க மாட்டேன், பிழைப்பு நிச்சயமில்லாத நாடுகள்ல பக்தியும் கூட, புள்ளைங்களும் கூட, அதனால உலக மொத்தத்துல மதக்காரங்க பங்கு குறையணும்னு கட்டாயமில்லன்னு நாரிஸ், இங்கிள்ஹார்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொன்னது இன்னும் நிக்குது.

நம்மூருக்கு வந்தா அளவுகோலே உதைக்குது. வாராவாரம் கோயிலுக்கு போகணும்னு நமக்கு கட்டாயமா என்ன? 2021 பியூ ஆய்வுல இந்தியால 97 சதவீதம் பேர் கடவுள நம்பறாங்க, எல்லாரும் ஆமான்னு சொல்ற கேள்விய வச்சு ஏத்த இறக்கத்த எங்க பாக்கறது? வீட்டுல என்ன கைமாறுதுன்னு கேட்டாதான் ஏதாவது தெரியும். அத ஃப்ரெண்டுகிட்டயே கேட்டேன். அவங்கம்மா கிருத்திகை தவறாம விரதம், இவன் பழனிக்கு வருஷம் ஒரு தடவ, சரி உன் பொண்ணுன்னேன். "கிருத்திகைன்னா யாருன்னு கேப்பாடா, அவ க்ளாஸ்ல ஒரு பொண்ணு பேரு அது"ன்னான்.