ஆசாரத்துக்கு 3000, அடுப்படிக்கு 4000

கோபிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வயரிங் மாற்றியபோது எலக்ட்ரீசியன் கேட்டார்: "எல்லா ரூமுக்கும் வெள்ளை லைட்டே போட்டுரலாமுங்களா?" அவர் சொன்ன வெள்ளை, பல்பு அட்டையில் கூல் டேலைட் என்றிருக்கும் 6500 கெல்வின். அதற்குப் போட்டி இரண்டு: மஞ்சள் சாயலுள்ள வார்ம் வைட் (2700 அல்லது 3000), இரண்டுக்கும் நடுவே நேச்சுரல் வைட் (4000). கெல்வின் என்பது நிறத்தைச் சொல்வது மட்டுமே. வெளிச்சம் எவ்வளவு என்பதை அட்டையில் லூமென் என்ற எண்ணில் பார்க்க வேண்டும். 9 வாட் எல்இடி பல்பு என்றால் சுமார் 900 லூமென்.

வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் நான் யோசிக்கவே இல்லை, 3000தான். ரெட் ஆக்சைடு தரையும் தேக்குக் கதவும் அதில் உயிரோடு தெரியும். 6500ஐக் குறைவாகப் போட்டால் அறை சாம்பல் பூத்து நிற்கும், நிறையப் போட்டால் கடை மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சுவர் வெளிர் நீலமாக இருந்தால் மஞ்சள் வெளிச்சத்தில் அழுக்கேறியது போலத் தெரியும். பெயிண்ட் அடிக்குமுன் ஒரு பல்பை வாங்கி இரவில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் ஆசாரம் 16க்கு 12 அடி. மூலைக்கு ஒன்றாக நாலு 9 வாட் பல்பு, இரண்டிரண்டாகத் தனி சுவிட்சில். டிவி பார்க்க இரண்டு போதும்.

குளியலறைக்கு 4000 கெல்வினில் ஒரு 9 வாட். 8க்கு 5 அடி அறைக்கு அது தாராளம். கண்ணாடி முன் சவரம் செய்பவர்கள் அந்த விளக்கை உச்சியில் வைக்காமல் கண்ணாடிக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்கச் சொல்லுங்கள். உச்சியிலிருந்து விழுந்தால் தாடைக்கடியில் நிழல்தான்.

அடுப்படியில்தான் உண்மையான போட்டி. அம்மா 6500 கட்சி. "கொள்ளுல கல்லுப் பொறுக்கோணும் கண்ணு, மஞ்ச லைட்டுல ஒண்ணுந் தெரியாது" என்றார். பாதி சரி. கொள்ளும் பழுப்பு, கல்லும் பழுப்பு, மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றிப் போகும். ஆனால் மீதிப் பாதிக்குக் காரணம் நிழல். அறை 10க்கு 8 அடி, நடுவில் 2000 லூமென் டியூப். கூரையிலிருந்து வரும் வெளிச்சத்தில் பாதிதான் வேலை செய்யும் உயரத்துக்கு வந்து சேரும் என்று வைத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 135 லூமென். மேடையைப் பார்த்து நின்றால் நம் முதுகு அதிலும் ஒரு பங்கை மறைக்கும். காய் நறுக்க 300 வேண்டும். மேல் அலமாரியின் அடியில் 10 வாட் பட்டை விளக்கு ஒன்றை மாட்டினால், 8 அடி நீள, 2 அடி அகல மேடையில் அது மட்டுமே கிட்டத்தட்ட 300 தந்துவிடும். அதை மாட்டிய பிறகு 4000லேயே அம்மாவுக்குக் கல் தெரிந்தது. குழம்பின் நிறமும் 6500ல் போல வெளிறவில்லை. நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் சிஆர்ஐ; அட்டையில் அது 90 என்று இருந்தால் சிவப்பு இன்னும் நன்றாகத் தெரியும். விலை கூடுதல், அடுப்படிக்கு மட்டும் வாங்கலாம்.

இவ்வளவுக்கும் மேலே, என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது மாற்று பல்பு. 6500 எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். 4000ஐ ஊர்க் கடையில் கேட்டால் பல சமயம் கிடைக்காது, டவுனுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு ஒரு வெள்ளையை மாட்டினால் நாலில் ஒன்று மட்டும் நீலமாக நிற்கும், கண் அங்கேயே போகும். ஆகவே 4000, 3000 என்று போகிறவர்கள் முதலிலேயே அறைக்கு ஒன்று கூடுதலாக, ஒரே கம்பெனியில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கி வையுங்கள். நேச்சுரல் வைட் என்ற பெயரை மட்டும் நம்பாமல் எண்ணைப் பாருங்கள், பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைக்கிறார்கள்.

அதனால்தான் பால்ஸ் சீலிங்கில் பதிக்கும் பேனல் விளக்கை நான் தவிர்த்தேன். அதில் கெட்டுப்போவது பெரும்பாலும் எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும், உள்ளிருக்கும் டிரைவர். அந்த மாடல் நின்றுபோயிருந்தால், வெட்டிய ஓட்டைக்குப் பொருந்தும் அளவும் வேண்டும், பக்கத்து விளக்கோடு ஒத்துப்போகும் நிறமும் வேண்டும். சாதா ஹோல்டர் பல்பு என்றால் ஸ்டூல் போட்டு நாமே மாற்றிக்கொள்ளலாம். சுவிட்சை அணைத்துப் போட்டால் மூன்று நிறமும் மாறும் விளக்கை மாடியறையில் போட்டிருக்கிறேன். வசதிதான், ஆனால் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை, அதனால் நீடித்து உழைக்கும் என்று யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.