முழங்காலின் வெளிப்பக்க வலி: ஓய்வா, ரோலரா, இடுப்புப் பயிற்சியா, அடியை மாற்றுவதா?

என் வலது முழங்காலின் வெளிப்பக்கம் கடிகாரம் வைத்ததுபோல் ஐந்தாவது கிலோமீட்டரில் பிடிக்கும். நான்கரை வரை ஒன்றுமே இருக்காது. அப்புறம் எலும்பின் மேல் சூடான கம்பியை வைத்து அழுத்துவதுபோல் ஆரம்பிக்கும். ஆறாவது கிலோமீட்டருக்குள் காலை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்துதான் ஆகவேண்டும். நடந்தால் பத்து நிமிடத்தில் வலி போய்விடும். மறுநாள் காலை படி ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தும்.

எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி, ஏறக்குறைய ஒரே தூரத்தில் வருவது, இறக்கத்தில் மோசமாவது: இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் அது ஐடி பேண்ட் பிரச்சினைதான். நீளத் தூரம் ஓடுபவர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது இதைப் பட்டிருப்பார். தீர்வு கேட்டால் மட்டும் நாலு பேரும் நாலு பதில் சொல்வார்கள். பத்து நாள் படுத்திரு, ஃபோம் ரோலர் என்கிற உருளையின் மேல் தொடையை உருட்டு, இடுப்பை வலுவாக்கு, அடியைச் சின்னதாக்கு. நான் நாலையும் இதே வரிசையில் செய்து பார்த்தேன். வரிசை தவறு என்று பின்னால்தான் தெரிந்தது.

ஒப்பிடுவதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, கீழ்க்காலின் பெரிய எலும்பின் மேல்முனையில் ஒட்டிக்கொள்கிற தடித்த பட்டைதான் ஐடி பேண்ட். அது தசை இல்லை. மேலே இரண்டு தசைகள், இடுப்பின் முன்பக்கம் ஒன்றும் புட்டத்தில் பெரியது ஒன்றும், அதைப் பிடித்து இழுக்கின்றன. முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பில் ஒரு புடைப்பு இருக்கிறது. வலிப்பது அங்கேதான்.

பட்டை அந்தப் புடைப்பின் மேல் முன்னும் பின்னும் உரசி, கயிறு தேய்வதுபோல் தேய்கிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2006-இல் ஃபேர்கிளஃபும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட உடற்கூறு ஆய்வு அந்தப் படத்தை மாற்றியது. பட்டை தொடையெலும்போடு நார்களால் கட்டப்பட்டிருக்கிறது, அது அப்படி வழுக்கிப் போக வழியே இல்லை. முழங்கால் ஏறக்குறைய 30 டிகிரி மடங்கும்போது பட்டை உள்பக்கமாக அழுந்துகிறது. அடியில் இருக்கும் நரம்பு நிறைந்த கொழுப்புத் திசு நசுங்குகிறது. அந்த நசுங்கல்தான் வலி.

ஓடும்போது பாதம் தரையில் பட்டதும் முழங்கால் இருக்கும் மடக்கு கிட்டத்தட்ட அதே 30 டிகிரிதான். நிமிடத்துக்கு 80 தடவை ஒரு கால் தரையைத் தொட்டால், அரை மணி நேரத்தில் 2,400 தடவை அதே இடம் நசுங்குகிறது. வலி ஏன் முதல் அடியில் வராமல் ஐந்தாவது கிலோமீட்டரில் வருகிறது என்பது இதில் புரிந்துவிடும். இன்னொரு விசித்திரமும் புரியும். இந்த வலி உள்ளவர்களில் பலருக்கு மெதுவாக ஓடினால் வலிக்கும், வேகமாக ஓடினால் அவ்வளவாக வலிக்காது. வேகமாக ஓடும்போது முழங்கால் கூடுதலாக மடங்கிய நிலையில் தரையைத் தொடுகிறது, 30 டிகிரி வளையத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. இறக்கத்தில் ஓடும்போது நிலைமை இதற்கு நேர்மாறு.

சரி, இப்போது நாலு வழிகள்.

ஓய்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நசுங்கிய திசு ஆறும், படி இறங்கும்போது வரும் வலி நிற்கும். நான் பன்னிரண்டு நாள் ஓடவில்லை. பதிமூன்றாம் நாள் கிளம்பினேன், அதே ஐந்தாவது கிலோமீட்டரில் அதே வலி. ஓய்வு திசுவை ஆற்றுமே தவிர, அதை நசுக்கிய ஓட்டத்தை மாற்றாது. சாதாரணமாக நடக்கும்போதும் வலிக்கிறது என்றால் ஓய்வு கட்டாயம். அதற்கு மேல் நீட்டினால் காலின் பழக்கம் குறைவதுதான் மிச்சம்.

அடுத்தது ரோலரும் ஸ்ட்ரெட்சிங்கும். இதில்தான் நான் மூன்று வாரம் வீணாக்கினேன். பட்டை இறுக்கமாக இருக்கிறது, உருட்டினால் இளகும் என்று கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது சப்பாத்தி மாவு இல்லை. தொடையின் இந்தத் திசுவை ஒரு சதவீதம் அழுத்தி மாற்றவே மனிதக் கையால் கொடுக்க முடியாத விசை வேண்டும் என்று 2008-இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. இழுத்து நீட்டுவதும் அப்படித்தான், தொடை முழுக்க எலும்போடு கட்டப்பட்ட பட்டைக்கு நீள இடமில்லை. உருட்டிய பிறகு இளகினாற்போல் இருப்பது உண்மையா என்றால், உண்மைதான். பட்டையின் நீளம் மாறியிருக்காது. நரம்புகள் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும், பட்டையை இழுக்கும் தசைகள் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். நான் உருண்டுகொண்டே போட்ட முனகலில் வீட்டில் இருந்தவர்கள் பயந்தார்கள். ஐந்தாவது கிலோமீட்டர் மட்டும் நகரவில்லை.

ரோலர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். புட்டத்திலும் இடுப்பின் முன்பக்கத் தசையிலும் உருட்டுங்கள். முழங்காலுக்கு மேலே வலிக்கும் புடைப்பில் மட்டும் உருட்டாதீர்கள். ஏற்கனவே நசுங்கி நொந்திருக்கும் திசுவை மறுபடி நசுக்குவது அது. பலருக்கு வலி கூடுவது இதனால்தான்.

மூன்றாவது, இடுப்புப் பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பின் பக்கத் தசைதான் மறுபக்க இடுப்பு தொய்யாமல் பிடித்துக்கொள்கிறது. அது சோர்ந்தால் இடுப்பு சரியும், தொடை உள்பக்கம் சாயும், வெளிப்பக்கப் பட்டை விறைக்கும். 2000-இல் ஃபிரெடரிக்சனும் அவர் குழுவும் இந்த வலி உள்ள 24 ஓட்டக்காரர்களுக்கு ஆறு வாரம் இடுப்பு வலுவாக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 22 பேர் வலியில்லாமல் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். இடுப்புப் பயிற்சிக்கு வந்த மதிப்பில் பாதி இந்த ஆய்வால்தான். ஆனால் பயிற்சி இல்லாமல் விட்டுப் பார்த்த இன்னொரு குழு அதில் இல்லை, அதனால் ஆறு வாரம் தந்த பலனையும் பயிற்சி தந்த பலனையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இடுப்பு வலுவானால் ஓடும் விதம் தானாக மாறும் என்று எதிர்பார்ப்போம். தொடை உள்ளே சாய்ந்து ஓடும் பெண்களை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில் வலு கூடியது, ஓடும் விதம் மாறவில்லை. வலுவான இடுப்போடு அதே பழைய ஓட்டத்தை ஓடலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

நான் செய்தது இரண்டே பயிற்சி. ஒன்று, சுவருக்கு முதுகு காட்டி ஒருக்களித்துப் படுத்து, மேல்காலின் குதிகால் சுவரில் உரசியபடியே காலைத் தூக்கி இறக்குவது. குதிகால் சுவரை விட்டு முன்னால் வந்தால், வேலையை இடுப்பின் முன்பக்கத் தசை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டாவது, படிக்கட்டின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், தொங்கும் காலின் பக்க இடுப்பை மட்டும் இறக்கி ஏற்றுவது. முதல் வாரம் 15 தடவை ஒரு சுற்று, போகப்போக 30 தடவை மூன்று சுற்று. சரியாகச் செய்தால் எரிவது இடுப்பின் பக்கவாட்டில். தொடையின் முன்பக்கம் எரிந்தால் நிலையைத் திருத்துங்கள்.

நான்காவது வழியை நான் கடைசியில் முயன்றேன், முதலில் முயன்றிருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறோம் என்பதை, அதாவது கேடன்ஸை, 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது என்று 2011-இல் ஹைடர்ஷீட் குழு அளந்து காட்டியது. வேகம் அதேதான், அடி மட்டும் சின்னதாகிறது. பாதம் உடம்புக்கு வெகுமுன்னால் போய் விழாது. எனக்கு எண்ணிப் பார்த்தபோது 158 இருந்தது. 5 சதவீதம் கூட்டினால் 166. மெட்ரோனோம் செயலியை 166-இல் வைத்து, ஒரு நிமிடம் அதன் தாளத்தில், இரண்டு நிமிடம் தாளம் இல்லாமல் என்று மாறிமாறி ஓடினேன். முதல் வாரம் அசட்டுத்தனமாக இருந்தது, கெண்டைக்கால் இறுகியது. சுமை அங்கே கொஞ்சம் நகர்கிறது என்பதால் கெண்டையிலும் குதிகால் தசைநாணிலும் ஏற்கனவே தொல்லை உள்ளவர்கள் நிதானமாகக் கூட்டுவது நல்லது.

இதனோடு இன்னொரு சின்னத் திருத்தம். ஒரே கோட்டின் மேல் நடப்பதுபோல் கால்கள் ஒன்றன்முன் ஒன்றாக விழுந்தால் பட்டையின் இழுவை கூடும். தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, இடது பாதத்தைக் கோட்டுக்கு இடப்பக்கமும் வலது பாதத்தை வலப்பக்கமும் வைத்தால் போதும். என்னைப் பின்னாலிருந்து வீடியோ எடுத்தபோது என் வலது பாதம் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் பட்டையைக் குறை சொல்லியிருக்கிறேன்.

பலன் தெரியும் வேகத்தில் இரண்டும் வேறு. அடியை மாற்றியதில் முதல் வாரத்திலேயே ஐந்தாவது கிலோமீட்டர் ஆறரையானது. இடுப்புப் பயிற்சிக்கு நாலைந்து வாரம் ஆனது, ஆனால் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், சோர்ந்த பிறகு இடுப்பு சரிவதை அதுதான் நிறுத்தியது. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் அடியை மாற்றுங்கள் என்பேன். இடுப்புப் பயிற்சி இல்லாமல் அந்த மாற்றம் 15 கிலோமீட்டர் தாண்டி நிற்காது என்பதும் என் அனுபவம்.

ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். வலி தொடங்கிய புதிதில் ஸ்டீராய்டு ஊசி முதல் இரண்டு வாரத்தில் ஓடும்போது வரும் வலியைக் குறைத்ததாக ஒரு சிறு ஆய்வு உண்டு. அதுவும் ஓய்வைப்போல் திசுவைத்தான் ஆற்றுகிறது. மூட்டு வீங்கினாலோ, முழங்கால் பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ இந்த நாலு வழியையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஐடி பேண்ட் அப்படி நடந்துகொள்ளாது. வலி புடைப்பில் இல்லாமல் இரண்டு விரல் கீழே, மூட்டின் கோட்டிலேயே இருந்தாலும் சந்தேகப்படுங்கள், அது மூட்டுச் சவ்வாக இருக்கலாம்.

எனக்கு வலி ஆரம்பித்த கதையைத் தோண்டினால், மூன்று வாரத்தில் லாங் ரன்னை 12 கிலோமீட்டரிலிருந்து 18 ஆக்கியிருந்தேன், அதே சமயம் நீண்ட இறக்கம் உள்ள பாதைக்கும் மாறியிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டையும் பிரித்தேன். முதலில் சமதரையில் 3 கிலோமீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள், வலி வரும் தூரத்துக்கு முன்னாலேயே நிறுத்தி. வலியில்லாத ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டினேன். 10 வந்த பிறகுதான் இறக்கத்தைத் தொட்டேன், அதுவும் முதல் இரண்டு வாரம் இறக்கத்தில் நடந்தே இறங்கினேன்.