உரிமைப் பங்கு: பணம் கட்டுவதா, காலாவதியாக விடுவதா?

உங்களிடம் ஒரு நிறுவனத்தின் 400 பங்குகள் இருக்கின்றன, சந்தை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பங்குக்கு ஒன்று, விலை 75 என உரிமைப் பங்கு வருகிறது; அதாவது, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு நிறுவனம் புதிய பங்குகளைத் தர முன்வருகிறது. தள்ளுபடியைப் பார்த்ததும் லாபம் என்று தோன்றும். ஆனால் வெளியீட்டுக்குப் பின் விலை 100-இல் நிற்காது. நான்கு பழைய பங்கு 400, ஒரு புதியது 75, மொத்தம் 475. ஐந்தால் வகுத்தால் 95.

பணம் கட்டினால் 100 பங்குக்கு 7,500 போகும். கையில் இருக்கும் 500 பங்கின் மதிப்பு 47,500. கட்டியதைக் கழித்தால் அதே பழைய 40,000தான். நிறுவனத்தில் உங்கள் விகிதமும் குறையாது.

சும்மா விட்டால் 400 பங்கின் மதிப்பு 38,000 ஆகிவிடும். 2,000 போச்சு, விகிதமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பலர் இப்படி விடுவது முடிவெடுத்து அல்ல, மறந்துபோய்த்தான். கட்டப் பணமில்லை, உரிமையை விற்க அனுமதி உண்டு என்றால், கெடுவுக்குள் விற்றுவிடுங்கள். ஒரு புதிய பங்கை வாங்கும் உரிமையின் மதிப்பு சுமார் 20; அந்த 2,000 ஏறக்குறைய திரும்பிவிடும்.

கெடு நெருங்கும்போது சந்தை விலையே 75-க்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும், விடுவதே சரி. வேண்டுமானால் சந்தையிலேயே மலிவாக வாங்கலாமே! மற்றபடி, திரட்டும் பணம் பழைய கடனை அடைக்கவா, புதிய ஆலைக்கா என்று சலுகைக் கடிதத்தில் பாருங்கள். இரண்டாவது முறையாகக் கடனுக்கே கேட்டால் நான் உரிமையை விற்றுவிடுவேன்.