பலன் பட்டியலா, பாவ இணைப்பா?

ஒரு வீட்டின் அதிபதி இன்னொரு வீட்டில் நின்றால், பலனைப் பட்டியலில் பார்ப்பதா, இரண்டு வீடுகளின் பொருளை இணைத்துச் சொல்வதா? வெள்ளவத்தையில் சோதிடம் பழகும் நண்பர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

மனப்பாடம்: பட்டியலில் 12 அதிபதி, 12 வீடு, 144 பலன். இணைப்பு: 12 வீடுகளின் காரகம், அதாவது ஒவ்வொரு வீடும் எதைக் குறிக்கிறது என்பது போதும்.

வேகம்: பட்டியல் உடனே பதில் தரும். இணைப்பில் யோசிக்க வேண்டும்.

துல்லியம்: கடக லக்கினம், 2ஆம் அதிபதி சூரியன் 4இல். பட்டியல் "வீடு அமையும்" என்று முடித்துவிடும். இணைப்பு முறையில், அதிபதியின் வீடு புறப்படும் இடம், அவர் நிற்கும் வீடு சேரும் இடம். 2ஆம் வீடு பணம், 4ஆம் வீடு குடியிருக்கும் வீடு; ஆகவே பணம் வீட்டை நோக்கிப் போகிறது. ஆனால் அந்த 4ஆம் வீடு துலாம், அங்கே சூரியன் நீசம், பலம் குன்றியிருக்கிறார். சேமிப்பு கரைந்து, வங்கிக் கடனோடு தொடர்மாடி வீடு என்பேன். 4ஆம் அதிபதி சுக்கிரன் 2இல் நின்றால் திசை மாறும்: வீட்டு வாடகை கைக்கு வரும்.

ஒரே அதிபதிக்கு இரண்டு வீடுகள் இருந்தால் இணைப்பும் குழப்பும். அவசரக் கேள்விக்குப் பட்டியல். முழுச் சாதகத்துக்கு இணைப்பு.