வட்டியில்லா தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்கி ஏமாந்த கதை

கடையில் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஃப்ரிட்ஜ் 36,000 ரூபாய். மாசம் 3,600, பத்து மாசம். வட்டியே கிடையாது." பத்தால் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஓடிபியைச் சொல்லிவிட்டேன்.

பில் போடும்போதுதான் முதல் இரண்டு தவணையை அன்றைக்கே கட்ட வேண்டும் என்றார்கள். அது 7,200. பிராசஸிங் கட்டணம் 699, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 825. இதற்குள் பொருள் வண்டியில் ஏறியிருந்தது. சரி போகட்டும் என்று கட்டிவிட்டேன்.

மறுவாரம் மைத்துனர் அதே கடையில் அதே மாடலை 34,000-க்கு வாங்கினார், மொத்தப் பணமும் கொடுத்து. கடைக்குப் போய்க் கேட்டால், "அந்தத் தள்ளுபடி ஃபைனான்ஸுக்கு வராது சார்" என்கிறார்கள். கடன் கொடுப்பவர் சும்மா கொடுப்பதில்லை. கடைக்காரரோ ஃப்ரிட்ஜ் கம்பெனியோ அவருக்கு ஒரு தொகை விட்டுக்கொடுக்கிறார்கள். ரொக்கமாக வாங்கியிருந்தால் எனக்குக் குறைத்திருக்கக்கூடிய பணம் அது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பொருளின் உண்மை விலை 34,000. முதல் நாளே நான் கொடுத்தது 8,025. ஆக எனக்குக் கிடைத்த கடன் 25,975 மட்டுமே. அதற்கு மாதம் 3,600 வீதம் எட்டு மாதம், மொத்தம் 28,800 கட்டுகிறேன். கூடுதல் 2,825. தொகை சின்னதாகத் தெரியும், ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறதே! எக்செல்லில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
=RATE(8,-3600,25975)*12
```

ஆண்டுக்குச் சுமார் 28 சதவீதம் வருகிறது.

கடன் ஒப்பந்தத்துக்கு முன், கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஆண்டு விகிதம் இருக்கும், பிராசஸிங் கட்டணமும் அதில் சேரும். எனக்கு லிங்க்காக வந்ததை நான் திறந்தே பார்க்கவில்லை, அது என் தப்பு. ஆனால் பார்த்திருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும். என் கடனுக்கு அந்தக் கணக்கில் 8 சதவீதம் போலத்தான் வரும், ஏனென்றால் கைவிட்டுப் போன தள்ளுபடி எந்தக் காகிதத்திலும் ஏறாது. தள்ளுபடியே இல்லாத பொருளாக இருந்தால் அந்த 8 சதவீதம் மோசமில்லை, தாராளமாக வாங்கலாம்.

2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கடைப் பலகைகளில் அந்தச் சொல் இன்னும் தொங்குகிறது.

இப்போதெல்லாம் தவணைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே, "மொத்தமாகப் பணம் கொடுத்தால் கடைசி விலை என்ன?" என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். தவணை என்று ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால், அப்புறம் அந்த விலையைச் சொல்ல மாட்டார்கள்.