பாஸர் ரேட்டிங்: பல சீசன் கழித்தும் உறுத்தும் ஒரே குறை

ஒவ்வொரு ஞாயிறும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்ததும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளின் பாஸர் ரேட்டிங்கை நானே ஷீட்டில் போட்டுப் பார்ப்பேன். பல வருடப் பழக்கம். போன வாரம் நண்பன் கேட்டான், "அந்த நம்பரை நம்பலாமா?" என்று. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் பிடித்தது. 1973-இல் அமெரிக்காவின் என்எஃப்எல் லீக் ஏற்றுக்கொண்ட இந்தச் சூத்திரத்தை இன்றைக்கும் பேனாவும் பேப்பரும் இருந்தால் போட்டுவிடலாம். பாஸ் சேர்ந்த விகிதம், ஒரு பாஸுக்கு எத்தனை யார்டு, டச்டவுன், எதிரணி பிடித்துவிடும் இன்டர்செப்ஷன், இந்த நாலும் போதும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் புள்ளி 0-க்கும் 2.375-க்கும் இடையில் நிற்கும். கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் முடிந்தது. உச்சம் 158.3.

எனக்கு ஆறாத கோபம் சாக் விஷயத்தில்தான், அதாவது பந்தை எறியும் முன்பே எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதில். ஒருவர் 30 பாஸ் எறிகிறார், 20 சேர்கிறது, 240 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன் என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங் 99.3. அதே ஆள் கூடவே 6 சாக் வாங்கி 45 யார்டு இழந்திருந்தாலும் அதே 99.3தான். அடிபட்டு விழும்போது பந்தைத் தவறவிட்டு எதிரணிக்குக் கொடுத்திருந்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது.

அப்புறம் இன்னொன்று. மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, எதிராளி ஜெர்சியைப் பிடிக்கப் போகிறான். விவரமான குவார்ட்டர்பேக் பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவார். யார்டு போகாது, பந்தும் எதிரணி கைக்குப் போகாது. ஆனால் கணக்கில் அது 31-வது பாஸ், சேராத பாஸ். 99.3 இப்போது 96.2. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 9 யார்டு பின்னால் விழுந்தவருக்கோ ஒன்றும் குறையவில்லை. சரியானதைச் செய்தவரைத் தண்டிக்கும் சூத்திரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் ஷீட்டில் பக்கத்திலேயே ஒரு பத்தி சேர்த்தேன். யார்டோடு டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழித்து, சாக்கில் போன யார்டையும் கழிக்க வேண்டும். வகுக்கும்போது சாக்கையும் எறிந்த பாஸோடு சேர்த்து எண்ண வேண்டும். மேலே சொன்ன ஆளுக்குச் சாக் இல்லாவிட்டால் 7.83, ஆறு சாக்கோடு 5.28. ஆட்டத்தைப் பார்த்தவருக்குத் தெரிந்த வித்தியாசம் இங்கேதான் எண்ணாக வருகிறது.

சாக்குக்கு முழுப் பழியும் குவார்ட்டர்பேக் மேல் இல்லை, தடுப்பு வரிசைக்கும் பங்கு உண்டு என்பது நியாயமான வாதம். ஆனால் ரிசீவர் கைநழுவவிட்ட பாஸுக்கும் இவர்தானே ரேட்டிங்கில் அடி வாங்குகிறார்?

நண்பனிடம், பாஸர் ரேட்டிங்கை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் என் ஷீட்டில் முதல் பத்தி இன்னும் பாஸர் ரேட்டிங்தான். அறுபதுகளின் ஆட்டங்களுக்கு யார் எத்தனை சாக் வாங்கினார் என்ற கணக்கு முழுசாகக் கிடைப்பதில்லை, இந்த நாலு எண் கிடைத்துவிடுகிறது.